எடை சரி, சாப்பாடும் சரி, உயரம் மட்டும் ஏறவில்லை: அடிக்கடி வரும் வயிற்றுப்போக்குதான் காரணமா?

மகிழ்அப்பா
என் மகளுக்கு இப்போது 18 மாதம். பிறந்தபோது 49 செ.மீ. ஆறு மாதத்தில் 65, ஒரு வயதில் 70.5, போன வாரம் அளந்தபோது 74.5. எடை 9.1 கிலோ. சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. தாய்ப்பால் இன்னும் தொடர்கிறது. முட்டை, பருப்பு, பால், காய் எல்லாம் தருகிறோம், அவளும் ஆசையாகச் சாப்பிடுகிறாள். பார்க்கிற யாரும் ஒல்லி என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் வளர்ச்சி அட்டையில் உயரக் கோடு கீழே போய்க்கொண்டே இருக்கிறது. இந்த முறை சிவப்புக் கோட்டுக்கும் கீழே வந்துவிட்டது.

யோசித்துப் பார்த்தால் தவழ ஆரம்பித்ததிலிருந்து அடிக்கடி வயிற்றுப்போக்கு வருகிறது. மூன்று நாலு நாள் இருக்கும், பிறகு தானாக நின்றுவிடும். அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாங்கள் இருப்பது பொது முற்றம் உள்ள வாடகை வீடு. கழிப்பறையை நாலு குடும்பம் பயன்படுத்துகிறோம். வாசலை ஒட்டித் திறந்த சாக்கடை. இன்னும் எவ்வளவு சாப்பாடு ஏற்ற வேண்டும்? புரத மாவு ஏதாவது கொடுக்கலாமா?

சுந்தர்_வி
சார், தண்ணீர்தான் காரணம். சந்தேகமே வேண்டாம். நன்றாகக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுங்கள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை பூச்சி மாத்திரை கொடுங்கள், தானாக வளர்வாள். எங்கள் வீட்டில் இப்படித்தான் சரியானது.

ராணி கே
என் பையனுக்கு 15 வயது. அவனும் வகுப்பிலேயே குள்ளம். கயிற்றில் தொங்கினால் உயரம் கூடுமா? வயிறெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

தளிர்
ராணி அக்கா, அது வேறு கதை. பருவ வயதில் எலும்பு முதிர்ச்சி, பெற்றோர் உயரம், பருவமடைந்த நேரம் எல்லாம் பார்க்க வேண்டும். தனி இழை தொடங்குங்கள், அங்கே பேசலாம்.

மகிழ்அப்பா, நான் குழந்தைகள் பிரிவில் வேலை செய்பவள். உங்கள் எண்களை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அவை நிறையச் சொல்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டையில் பெண் குழந்தைகளின் நடுவான நீளம் ஆறு மாதத்தில் 65.7, ஒரு வயதில் 74.0, 18 மாதத்தில் 80.7. ஆறு மாதம் வரை உங்கள் மகள் கிட்டத்தட்ட நடுக்கோட்டிலேயே இருந்திருக்கிறாள். அடுத்த ஆறு மாதத்தில் 8.3 செ.மீ. ஏற வேண்டிய இடத்தில் 5.5 தான் ஏறியிருக்கிறாள். அதற்கடுத்த ஆறு மாதத்தில் 6.7 க்குப் பதில் 4. 18 மாதத்துக்கான கீழ்க்கோடு 74.9, அதைத் தாண்டிக் கீழே வந்துவிட்டாள். வளர்ச்சி குன்றல் என்று அட்டையில் எழுதுவது இதைத்தான்.

ஆனால் எடையைப் பாருங்கள். 74.5 செ.மீ. நீளமுள்ள பெண் குழந்தைக்கு 9 கிலோ சுற்றளவில்தான் இருக்க வேண்டும். அவள் 9.1. அதாவது உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறது, வயதுக்கு ஏற்ற உயரம் இல்லை. பட்டினியால் மெலிந்த குழந்தையின் படம் இது இல்லை. அதனால் இன்னும் ஏற்றுவதால் பயன் வரும் என்று எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டேன். புரத மாவு வேண்டாம்.

சரிவு தொடங்கிய நேரத்தையும் கவனியுங்கள். தவழ ஆரம்பித்த மாதங்கள் அவை. தரையில் இருப்பதெல்லாம் வாய்க்குப் போகும் காலம்.

மகிழ்அப்பா
அப்படியானால் சாப்பாடு உள்ளே போகிறது, உடம்பில் ஒட்டவில்லை என்றா சொல்கிறீர்கள்? அவளுக்கு வயிற்றுப்போக்கு இல்லாத நாள்கள்தானே அதிகம். மாதத்தில் மூன்று நாள் போனால் மீதி நாள்களில் ஈடுகட்ட முடியாதா?

தளிர்
நல்ல கேள்வி. இந்த விஷயத்தின் முடிச்சே அதில்தான் இருக்கிறது.

ஒரு முறை வயிற்றுப்போக்கு வந்து போனால் குழந்தை ஈடுகட்டிவிடும். அடுத்தது வருவதற்குள் போதிய இடைவெளி வேண்டும், அவ்வளவுதான். அந்த இடைவெளி கிடைக்காதபோது பாக்கி சேர்ந்துகொண்டே போகிறது. வெவ்வேறு நாடுகளில் நடந்த ஒன்பது ஆய்வுகளைச் சேர்த்து 2008இல் ஒரு கணக்குப் போட்டார்கள். இரண்டு வயதுக்குள் ஒவ்வொரு ஐந்து முறை வயிற்றுப்போக்குக்கும், இரண்டாம் வயதில் குன்றியிருக்கும் வாய்ப்பு 13% ஏறுகிறது என்று வந்தது. ஏற்றம் உண்டு, ஆனால் மலை போன்ற ஏற்றம் இல்லை. வயிற்றுப்போக்கை மட்டும் வைத்து இவ்வளவு பெரிய சரிவை விளக்க முடியாது.

மிச்சம் எங்கே? கண்ணுக்குத் தெரியாத பகுதியில். சிறுகுடலின் உள்சுவரில் குடலுறிஞ்சிகள் என்று நுண்ணிய விரல் போன்றவை நெருக்கமாக நிற்கும். மலக்கிருமிகள் சிறிது சிறிதாகத் தினமும் உள்ளே போய்க்கொண்டிருந்தால் அந்த விரல்கள் குட்டையாகி மழுங்கிவிடுகின்றன. உறிஞ்சும் பரப்பு குறைகிறது. செல்களுக்கு நடுவே உள்ள இணைப்பு தளர்கிறது, கிருமிகளின் துணுக்குகள் ரத்தத்துக்குள் கசிகின்றன. உடம்பு அதை எதிரி என்று எடுத்துக்கொண்டு ஓயாமல் சிறு அளவில் சண்டை போடுகிறது. காய்ச்சல் கிடையாது, பேதி கிடையாது. ஆனால் அந்த அழற்சி நாள்கணக்கில் நீடித்தால் ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிச் சுரப்பு குறைகிறது, நீண்ட எலும்புகளின் நுனியில் வளரும் குருத்தெலும்பு மந்தமாகிறது. சாப்பாட்டில் ஒரு பங்கு உறிஞ்சப்படாமலே போகிறது, உறிஞ்சப்பட்டதிலும் ஒரு பங்கு இந்தச் சண்டைக்குச் செலவாகிறது. ஒரு பக்கம் வரவு குறைவு, இன்னொரு பக்கம் வீண்செலவு.

இது வெறும் ஊகம் இல்லை. காம்பியாவில் கைக்குழந்தைகளுக்கு இரண்டு வகைச் சர்க்கரை கலந்த கரைசலைக் குடிக்க வைத்துச் சிறுநீரைச் சேகரித்தார்கள். மானிடால் சிறிய மூலக்கூறு, நல்ல குடல் வழியாக எளிதில் உள்ளே போகும். லாக்டுலோஸ் பெரியது, குடல் கசிந்தால்தான் போகும். சிறுநீரில் லாக்டுலோஸ் அதிகமாகவும் மானிடால் குறைவாகவும் இருந்தால் குடல் கெட்டிருக்கிறது என்று பொருள். 1991இல் வெளியான அந்த ஆய்வில், குழந்தைகளின் வளர்ச்சிக் குறைவில் 43% வரை இந்தக் குடல் பாதிப்போடு பொருந்திப்போனது.

சுந்தர்_வி
நானும் அதைத்தானே சொன்னேன் மேடம், தண்ணீர்! தண்ணீர் வழியாகத்தான் கிருமி போகிறது.

தளிர்
பாதி சரி, சுந்தர் சார். குடிக்கும் தண்ணீரை மட்டும் சுத்தம் செய்துவிட்டு, தவழும் தரையை விட்டுவிட்டால் வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லையைத் திறந்து வைத்த மாதிரி. ஜிம்பாப்வேயில் குழந்தைகளை மணிக்கணக்கில் உட்கார்ந்து கவனித்த ஓர் ஆய்வு உண்டு. என்னென்ன வாய்க்குப் போகிறது என்று குறித்தார்கள். மண்ணையும் சில குழந்தைகள் கோழி எச்சத்தையும் நேரடியாக எடுத்துத் தின்றன. ஒரு கிராம் கோழி எச்சத்தில் பல லட்சம் ஈ.கோலை கிருமிகள் இருந்தன. குடிநீரில் வருவது அதன் பக்கத்தில் நிற்கவே முடியாது.

பூச்சி மாத்திரை கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் கூட்டமாகக் கொடுத்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் உயரத்தில் சொல்லும்படியான பலன் தெரியவில்லை.

குழாய்க்காரன்
நான் குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களில் வேலை பார்க்கிறவன். தளிர் சொல்வது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எங்கள் துறையை உலுக்கிய ஒரு சங்கதியை விட்டுவிட்டார். இந்தக் குடல் கோட்பாட்டை நம்பித்தான் பங்களாதேஷ், கென்யா, ஜிம்பாப்வே மூன்று நாடுகளில் பெரிய பெரிய சோதனைகள் நடந்தன. ஆயிரக்கணக்கான கர்ப்பிணிகளைச் சேர்த்து, சில ஊர்களுக்குக் கழிப்பறை, கை கழுவும் வசதி, தண்ணீருக்குக் குளோரின் எல்லாம் கொடுத்தார்கள். சில ஊர்களுக்குச் சத்துணவு. சில ஊர்களுக்கு இரண்டும். முடிவுகள் 2018, 2019இல் வந்தன.

கழிப்பறையும் கை கழுவலும் குளோரினும் மூன்று நாட்டிலும் உயரத்தை ஒரு மில்லிமீட்டர்கூட ஏற்றவில்லை என்றே சொல்லலாம். உயரம் கூடியது சத்துணவு கொடுத்த இடங்களில். அதுவும் கொஞ்சம்தான். பங்களாதேஷில் இரண்டு வயதில் சுமார் முக்கால் சென்டிமீட்டர். சாப்பாடு போதும், குடல்தான் பிரச்சினை என்றால் இது எப்படி நடக்கும்?

மகிழ்அப்பா
ஐயோ, அப்படியானால் சுத்தம் செய்து பயனே இல்லையா?

தளிர்
விட்டுவிடவில்லை, அங்கேதான் வந்துகொண்டிருந்தேன். பங்களாதேஷ் முடிவை இன்னும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கடந்த ஏழு நாளில் வயிற்றுப்போக்கு இருந்த குழந்தைகள், எதுவும் கொடுக்காத ஊர்களில் 5.7%. கழிப்பறை கொடுத்த ஊர்களில் 3.5%. பேதி நன்றாகவே குறைந்தது. ஆனால் உயரம் ஏறவில்லை. பேதியும் குடல் பாதிப்பும் ஒன்றே என்று நினைத்தால் இது புதிர். வேறு வேறு என்று நினைத்தால் புதிரில்லை. நோயாக வெளிப்படும் அளவுக்குக் கீழே கிருமி வரவு குறைந்தது, குடலை நோகடிக்கும் அளவுக்குக் கீழே குறையவில்லை.

எட்டு நாடுகளில் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்த மால்-எட் ஆய்விலும் இதே வாசனைதான். பேதியே இல்லாத நாள்களில் எடுத்த மலத்திலும் ஷிகெல்லா, கேம்பைலோபாக்டர், ஜியார்டியா என்று கிருமிகள் குவிந்து கிடந்தன. அப்படி ஓசையில்லாமல் தங்கியவைதான் உயரக் குறைவோடு அதிகம் சேர்ந்து வந்தன.

குழாய்க்காரன்
அது வசதியான விளக்கம். தோற்றால் "போதிய அளவு சுத்தம் செய்யவில்லை" என்று சொல்லிவிடலாம். எந்த முடிவு வந்தாலும் கோட்பாடு தப்பித்துவிடும்.

இருந்தாலும் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். களத்தில் நாங்கள் கொடுத்தது பெரும்பாலும் வீட்டுக்கு ஒரு குழிக் கழிப்பறையும் ஒரு குளோரின் புட்டியும். முற்றம் மண் தரையாகவே இருந்தது. கோழி, ஆடு சுற்றிக்கொண்டே இருந்தன. பக்கத்து வீட்டார் பழைய வழக்கத்திலேயே இருந்தார்கள். குழந்தையின் மலத்தைக் கழிப்பறையில் போடாமல் குப்பையில் வீசுவதும் நிற்கவில்லை. பச்சைக் குழந்தையின் மலத்தால் தீங்கில்லை என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். இதையெல்லாம் மாற்ற வேண்டுமானால் வீட்டுக்குள் அழுத்தத்தோடு வரும் குழாய்த் தண்ணீர், சிமெண்ட் தரை, மூடிய சாக்கடை, ஊர் முழுக்கக் கழிவு அகற்றல் வேண்டும். அதற்கு ஆகும் செலவை யாரும் சோதனைக்காகச் செய்ய மாட்டார்கள்.

தளிர்
கோட்பாடு தப்பித்துவிடுகிறது என்ற குறை நியாயமானது. ஆனால் ஜிம்பாப்வேயில் குடல் பாதிப்பின் அடையாளங்களையும் அளந்தார்கள். அவையும் மாறவில்லை. குடல் தேறிய பிறகும் உயரம் ஏறவில்லை என்றால் கோட்பாடு தோற்றது என்பேன். குடலே தேறவில்லை, அதனால் சோதனை நடக்கவே இல்லை.

குடல் திரும்பத் தேறும் என்பதற்கு ஒரு பழைய சான்று. 1960களில் பாகிஸ்தானில் தங்கி வேலை செய்த அமெரிக்கத் தொண்டர்களின் குடல் துணுக்கை எடுத்துப் பார்த்தபோது, நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தவர்களுக்கும் குடலுறிஞ்சிகள் மழுங்கியிருந்தன. அவர்கள் ஊர் திரும்பிய பிறகு மெல்ல மெல்லச் சரியானது. சாப்பாட்டுக்குக் குறைவில்லாத பெரியவர்கள் அவர்கள், சூழல் மாறியது, குடல் மாறியது. குழந்தைகளுக்கு எவ்வளவு வேகமாக மாறும் என்பது வேறு கேள்வி.

டாக்கா மீர்பூரில் நடந்தது இன்னும் நெருக்கமானது. குன்றிய குழந்தைகளுக்கு முட்டை, பால், சத்துப்பொருள் எல்லாம் மேற்பார்வையில் கொடுத்தார்கள். அப்படியும் தேறாத குழந்தைகளுக்கு மட்டும் எண்டோஸ்கோப்பி செய்தார்கள். ஏறக்குறைய எல்லாருக்குமே குடல் கெட்டிருந்தது. சிறுகுடலின் மேல்பகுதியில் இருக்கக் கூடாத அளவுக்குப் பாக்டீரியாக்கள் குடியேறியிருந்தன. அவற்றில் 14 வகைகளின் அளவு கூடக்கூட உயரம் குறைவாக இருந்தது. அந்தப் பாக்டீரியாக்களைக் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குக் கொடுத்தபோது எலிகளின் குடலும் கெட்டது. 2020இல் வெளியானது.

செவ்வந்தி
நான் இடையில் வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் இரட்டையர்களும் ஒரே வீடு, ஒரே சாப்பாடு. ஒருவன் நன்றாக வளர்ந்தான், ஒருத்தி நின்றுவிட்டாள். எல்லாரும் தண்ணீர், சுத்தம் என்றுதான் சொன்னார்கள். நானும் பாத்திரத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கை புண்ணானதுதான் மிச்சம். கடைசியில் ரத்தப் பரிசோதனையில் சீலியாக் நோய் என்று தெரிந்தது. கோதுமையை நிறுத்தியதும் ஒரே வருடத்தில் கோட்டைப் பிடித்துவிட்டாள். அதனால் மகிழ்அப்பா, சாக்கடையைக் குற்றம் சொல்வதற்கு முன் டாக்டரிடம் காட்டுங்கள்.

தளிர்
செவ்வந்தி சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். ஒரு குழந்தைக்கு இந்தச் சூழல் சார்ந்த குடல் பாதிப்பு இருக்கிறதா என்று சொல்லும் எளிய பரிசோதனை எதுவும் இல்லை. இரட்டைச் சர்க்கரைச் சோதனைகூட ஆராய்ச்சிக்குத்தான், ஒரு தனிக் குழந்தையை வைத்து முடிவு சொல்ல அது போதாது. அதனால் மருத்துவர் மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும்: சீலியாக், தைராய்டு, சிறுநீரகம், நாள்பட்ட சிறுநீர்த் தொற்று, காசநோய். மலத்தில் ரத்தம், 14 நாளுக்கு மேல் நிற்காத பேதி, எடையும் சேர்ந்து இறங்குவது, இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று. நீங்கள் இருவரும் என்ன உயரம்? பெற்றோர் இருவரும் குட்டை என்றால், பிறக்கும்போது நடுக்கோட்டில் இருந்த குழந்தை இரண்டு வயதுக்குள் தன் பரம்பரைக் கோட்டுக்கு இறங்குவது இயல்பு. அதை நோய் என்று நினைத்துப் பயப்படக் கூடாது.

மகிழ்அப்பா
நான் 170, மனைவி 158. இரண்டு பக்கத்திலும் யாரும் குட்டை இல்லை.

தளிர்
அப்படியானால் பரம்பரை மட்டும் இதை விளக்காது. இரண்டு வேலையைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை பேதி வந்தால்: உப்புச் சர்க்கரைக் கரைசலோடு துத்தநாகம் 20 மி.கி. தினமும், 10 முதல் 14 நாள். பேதி மூன்றாம் நாளே நின்றாலும் முழுவதும் கொடுங்கள். பெரும்பாலானவர்கள் இதைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். சாப்பாட்டையும் தாய்ப்பாலையும் நிறுத்தாதீர்கள். நின்ற பிறகு இரண்டு வாரம் தினமும் ஒரு வேளை கூடுதலாகக் கொடுங்கள். உங்களைப் போன்ற வீட்டில் கூடுதல் சாப்பாடு வேலை செய்வது இந்த இடைவெளியில்தான். நீங்களாக ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

மீதி நாள்களில்: அவள் நாள் முழுக்க எங்கே உட்கார்கிறாள், எதை எடுத்து வாயில் வைக்கிறாள் என்று ஒரு பகல் பொறுமையாகக் கவனியுங்கள். பட்டியல் உங்களுக்கே தெரிந்துவிடும்.

குழாய்க்காரன்
தண்ணீர்த் தொட்டியையும் பாருங்கள். தொட்டியில் குளோரின் போட்டால் போதாது, நீங்கள் பிடிக்கும் குழாயில் லிட்டருக்கு 0.2 மி.கி.யாவது மிஞ்ச வேண்டும். சோதிக்க எளிய நிறக்குச்சி கிடைக்கும். நாலு குடும்பத் தொட்டி என்றால் மூடி திறந்து கிடக்கும், அடியில் வண்டல் இருக்கும். கழிப்பறைக் கதவுத் தாழ்ப்பாளையும் மறக்காதீர்கள். எல்லாக் கையும் படும் இடம் அது.

மகிழ்அப்பா
மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். சீலியாக், தைராய்டு, சிறுநீர் எல்லாம் சரியாக இருந்தன. மலத்தில் ஜியார்டியா கிடைத்தது, மருந்து கொடுத்தார்கள். கவனித்துப் பார்த்ததில் தெரிந்தது, சாக்கடையைக் கழுவிய துடைப்பத்தால்தான் முற்றத்தையும் பெருக்குகிறார்கள். அவள் நாள் பூராவும் இருப்பது அங்கேதான். இப்போது வீட்டுக்குள் தினமும் துடைக்கும் விரிப்பில் விளையாடுகிறாள். அழுகை அதிகம். 21 மாதத்தில் 77.1 செ.மீ. மூன்று மாதத்தில் 2.6. தேறிவிட்டாளா?

சுந்தர்_வி
பார்த்தீர்களா, பூச்சிதான்! நான் அன்றே சொன்னேன்.

தளிர்
ஜியார்டியா நீங்கள் சொன்ன பூச்சி மாத்திரையில் அடங்கும் புழு இல்லை, சுந்தர் சார், ஒற்றைச் செல் உயிரி. அது பேதியே இல்லாத குழந்தைகளின் மலத்திலும் நிறையக் கிடைக்கும். அதனால் அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

மகிழ்அப்பா, நடுக்கோட்டுக் குழந்தைக்கு இந்த மூன்று மாதத்தில் சுமார் 3 செ.மீ. ஏறும். உங்கள் மகள் முன்பு மூன்று மாதத்துக்கு 2 என்ற வேகத்தில் இருந்தாள், இப்போது 2.6. வேகம் கூடியிருக்கலாம். ஆனால் திமிறும் குழந்தையைப் பலகையில் படுக்க வைத்து அளக்கும்போது அரை சென்டிமீட்டர் இப்படியும் அப்படியும் போகும். இந்த வயதுக்கான கீழ்க்கோடு 77.5, இன்னும் அதற்குக் கீழேதான் இருக்கிறாள்.

குழாய்க்காரன்
அப்படியே ஏறியிருந்தாலும் மருந்தாலா, விரிப்பாலா, மழை இல்லாத மாதங்கள் என்பதாலா? ஒரு குழந்தையை வைத்துப் பிரிக்கவே முடியாது.

தளிர்
முடியாதுதான். 24 மாதத்தில் அதே பலகையில், அதே ஆளைக் கொண்டு, இரண்டு முறை அளந்து சராசரி எடுங்கள். அப்போது நிற்க வைத்து அளந்தால் படுக்கை அளவைவிட 0.7 செ.மீ. குறைவாகக் காட்டும். அதை மறந்து பழைய எண்ணோடு ஒப்பிட்டுக் கலங்கிவிடாதீர்கள்.